ஆறு மணி ஷிப்டுக்கு ஆறரைக்கு வருபவருக்கு வார்னிங் லெட்டர் எழுதுவது எப்படி

ஹோட்டலில் புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு முதலில் வரும் தலைவலி, நேரத்துக்கு வராத ஆள். இரண்டு முறை வாயால் சொல்லிப் பார்ப்பீர்கள். மூன்றாவது முறை ஜி.எம். கூப்பிட்டு, "அவனுக்கு ஒரு வார்னிங் லெட்டர் கொடுங்க" என்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வருவதெல்லாம் கோபம்தான். என்னுடைய முதல் லெட்டரில் "பொறுப்பற்ற", "அலட்சியமான", "பலமுறை எச்சரித்தும்" எல்லாம் இருந்தன. தேதி மட்டும் ஒன்றுகூட இல்லை. அந்த ஊழியர் "எந்த நாள், எத்தனை மணி?" என்று ஒரே வரியில் பதில் எழுதித் தந்தார். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒரு லெட்டரை ஆரம்பத்திலிருந்து எடுத்துச் சொல்கிறேன். ஊர் மதுரை. ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஐம்பது அறைகள் கொண்ட லாட்ஜிங் ஹோட்டல். ரிசப்ஷனில் மூன்று ஷிப்ட்: காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6. கிரேஸ் டைம் பத்து நிமிடம். காலை ஷிப்ட் தம்பி ஜூலை மாதத்தில் எட்டு நாள் லேட்.

மற்ற இடத்தில் அரை மணி நேரம் லேட்டாக வந்தால் வேலை அரை மணி தள்ளிப்போகும், அவ்வளவுதான். ரிசப்ஷனில் அப்படி இல்லை. இரவெல்லாம் விழித்திருந்த ஆள் கேஷை எண்ணிக் கொடுத்து, சாவியை ஒப்படைத்து, லாக் புக்கில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். அந்த நேரம் பார்த்துத்தான் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்கள் பெட்டியோடு நின்று ரூம் கேட்பார்கள். கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ராமேஸ்வரம் கிளம்பும் கூட்டமும் அப்போதுதான் பில் கேட்கும். லெட்டர் எழுதும்போது இது உங்கள் மனதில் இருக்கட்டும். லேட் என்பது ஏன் பிரச்சினை என்று ஒரு வரி எழுத வேண்டிவரும். அந்த வரி "நிர்வாகத்துக்கு அவமரியாதை" என்று இருக்கக் கூடாது. இரவு ஷிப்ட்காரர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று இருக்க வேண்டும்.

முதல் வேலை: கணக்கைச் சரிபார்ப்பது

பயோமெட்ரிக் ரிப்போர்ட்டை எடுத்தவுடன் அப்படியே லெட்டரில் ஒட்டிவிடாதீர்கள். அந்த மெஷினுக்குத் தெரிந்தது விரல் வைத்த நேரம் மட்டுமே. பக்கத்தில் மூன்றை வைத்துப் பாருங்கள்: ட்யூட்டி ரோஸ்டர், ரிசப்ஷன் லாக் புக், லீவு மற்றும் ஷிப்ட் மாற்றிக்கொண்ட பதிவு.

எங்கள் தம்பியின் ரிப்போர்ட் இப்படி இருந்தது. ஜூலை 2 அன்று 6:24. ஜூலை 5 அன்று 6:31. 9 அன்று 6:19. 12 அன்று 6:42. 15 அன்று 6:27. 19 அன்று 6:35. 22 அன்று 6:48. 26 அன்று 7:05.

லாக் புக்கைப் புரட்டியதும் இரண்டு நாள் கழன்றுகொண்டது. 15-ஆம் தேதி கேஷ் ஹேண்டோவர் கையெழுத்து 6:05-க்கே இருக்கிறது. உள்ளே நுழையும்போதே ஒரு டூரிஸ்ட் பஸ் கூட்டம் கவுண்டரில் நின்றிருக்கிறது, நேராகப் போய் வேலையைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் விரல் வைத்திருக்கிறார். பஞ்ச் பண்ண மறந்தது ஒரு சின்னக் குறை. ஆனால் அது லேட் இல்லை.

9-ஆம் தேதி கதை வேறு. அதற்கு முந்தைய நாள் மதியம் ஷிப்டில் ஒருவர் லீவு என்று இவரைத்தான் அங்கே போட்டிருந்தோம். இரவு வரவேண்டியவர் தாமதமாக வந்ததால் இவர் கிளம்பியது 11:15. மறுநாள் காலை 6 மணிக்கு மறுபடி ட்யூட்டி. ரோஸ்டர் போட்டது நாம். க்ளோசிங் முடித்த ஆளை ஓப்பனிங்கில் போட்டுவிட்டு, பத்தொன்பது நிமிடத்துக்கு வார்னிங் கொடுத்தால் அந்த லெட்டரை யாரும் மதிக்க மாட்டார்கள்.

மிச்சம் ஆறு நாள். 24, 31, 42, 35, 48, 65. கூட்டினால் 245 நிமிடம், அதாவது நான்கு மணி ஐந்து நிமிடம். எட்டை ஆறாகக் குறைத்ததால் லெட்டர் வலு இழக்கவில்லை. ஒரு தேதி தவறென்று அவர் காட்டிவிட்டால் மற்ற ஏழும் சந்தேகத்துக்குள்ளாகும். ஆறும் அசைக்க முடியாதவை என்றால் பேச்சே இருக்காது.

அடுத்தது, காலண்டரை எடுத்து அந்த ஆறு தேதிக்கும் கிழமையைப் பாருங்கள். நான் பார்த்தபோது 5, 12, 19, 26 நான்கும் சனிக்கிழமை. சும்மா தூங்கிவிடுகிறவன் சனிக்கிழமையாகப் பார்த்துத் தூங்குவதில்லை. இந்த மாதிரி ஒரு ஒழுங்கு தெரிந்தால், "வெள்ளி ராத்திரி எங்கே சுத்துற?" என்று நாமே கதை கட்டிவிடக் கூடாது. அதை ஒரு கேள்வியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை: விளக்கம் கேட்பது

புதியவர்கள் தாண்டிப்போகும் படி இது. எச்சரிக்கை என்பது சின்னதாக இருந்தாலும் தண்டனைதான். தண்டனைக்கு முன்னால் அவர் பக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். பின்னால் விஷயம் பெரிதாகி டொமஸ்டிக் என்கொயரி என்னும் நிர்வாக விசாரணை வரை போனால், "என்னைக் கேட்கவே இல்லை" என்பதுதான் முதலில் எழும் ஆட்சேபம்.

இதற்கு முன்னால் வாயால் சொன்னதற்கும் ஒரு பதிவு வேண்டும். எங்கள் தம்பியிடம் ஜூலை 6 அன்றும் 14 அன்றும் ட்யூட்டி மேனேஜர் பேசியிருந்தார். இரண்டு முறையும் தன் லாக் புக்கில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தார். அந்த இரண்டு வரி இல்லையென்றால் "பலமுறை சொல்லியும்" என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

ஜூலை 27 அன்று சின்ன மெமோ கொடுத்தோம். ஆறு தேதி, ஆறு நேரம், "இதற்கு உங்கள் விளக்கத்தை 48 மணி நேரத்துக்குள் எழுதித் தரவும்" என்று ஒரு வரி. அதற்கு மேல் எதுவும் இல்லை. மெமோவில் குற்றம் நிரூபணமானது போல எழுதினால் விளக்கம் கேட்பது வெறும் சடங்காகிவிடும்.

கொடுக்கும்போதே உட்காரவைத்துப் பேசினேன். "சனிக்கிழமை மட்டும் ஏன் தம்பி?" என்று கேட்டதும் சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "வீட்டுல அவங்க நர்ஸ் சார். வெள்ளிக்கிழமை நைட் ட்யூட்டி. அவங்க வந்தாத்தான் குழந்தைய விட்டுட்டு நான் கிளம்ப முடியும்." ஜூலை 22 வண்டி பஞ்சர். 2-ஆம் தேதிக்கு அவரே, "அது என் தப்புதான் சார், எழுந்திருக்கல" என்றார். மறுநாள் இதையே எழுதியும் கொடுத்தார்.

இப்போது லெட்டர் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? காரணம் நியாயமானது, விட்டுவிடலாம் என்று ஒரு மனம் சொல்லும். நான் கொடுத்தேன். காரணம் நியாயம்தான், ஆனால் இரண்டு முறை கேட்டபோதும் அவர் அதைச் சொல்லவில்லை. ஷிப்ட் மாற்றிக் கேட்கவில்லை. ஒரு நாள்கூட முன்கூட்டி போன் செய்யவில்லை. இரவு ஷிப்டில் இருந்தவருக்கும் வீடு, குழந்தை உண்டு. அவர் நான்கு சனிக்கிழமை காரணமே தெரியாமல் காத்திருந்தார். அதனால் எச்சரிக்கையும் உண்டு, சனிக்கிழமைக்கு மாற்று ஏற்பாடும் உண்டு என்று முடிவு செய்தோம்.

மாற்று ஏற்பாட்டிலும் ஒரு கண்ணி இருந்தது. சனிக்கிழமை அவரை மதியம் 2 முதல் 10 வரை போடலாம். ஆனால் ஞாயிறு காலை 6 மணிக்குத் திரும்ப வரச் சொன்னால், க்ளோசிங் முடித்து ஓப்பனிங் என்ற அதே தப்பை வாராவாரம் செய்கிறோம். எனவே வார லீவை ஞாயிறுக்கு மாற்றினோம். லெட்டரில் ஒரு சலுகையை எழுதுவதற்கு முன்னால் அது ரோஸ்டரில் உட்காருகிறதா என்று போட்டுப் பாருங்கள். எழுதிவிட்டு நம்மால் செய்ய முடியாமல் போனால், அடுத்த லேட்டுக்கு நாமே காரணம் கொடுத்ததாக ஆகும்.

லெட்டர்

இது கொடுத்த லெட்டரின் வடிவம். பெயர் இருக்கும் இடங்களை விட்டிருக்கிறேன்.

ஹோட்டல் லெட்டர்ஹெட்
கடித எண்: ______   நாள்: 30.07.2025

பெறுநர்
திரு. ____________ (பணியாளர் எண் ____)
ரிசப்ஷனிஸ்ட், ஃப்ரண்ட் ஆபீஸ்

பொருள்: பணிக்குத் தாமதமாக வருவது – முதல் எழுத்துபூர்வ எச்சரிக்கை.
பார்வை: 1. 27.07.2025 நாளிட்ட எங்கள் மெமோ. 2. 28.07.2025 நாளிட்ட உங்கள் விளக்கம்.

ஐயா,

ஜூலை 2025-இல் காலை 6:00 மணி ஷிப்டுக்கு நீங்கள் கீழ்க்கண்ட ஆறு நாட்களில் தாமதமாக வந்துள்ளீர்கள்: 2-ஆம் தேதி 6:24, 5-ஆம் தேதி 6:31, 12-ஆம் தேதி 6:42, 19-ஆம் தேதி 6:35, 22-ஆம் தேதி 6:48, 26-ஆம் தேதி 7:05. இந்த நேரங்கள் பயோமெட்ரிக் பதிவோடும் ரிசப்ஷன் லாக் புக்கோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை.

இது குறித்து ஜூலை 6 மற்றும் 14 ஆகிய நாட்களில் ட்யூட்டி மேனேஜர் உங்களிடம் நேரில் பேசினார். அதற்குப் பிறகும் மூன்று நாட்கள் தாமதம் நிகழ்ந்துள்ளது. இந்த ஆறு நாட்களிலும் இரவு ஷிப்ட் ஊழியர் தம் பணி நேரம் முடிந்தும் நீங்கள் வரும்வரை கவுண்டரில் இருக்க நேர்ந்தது. எந்த நாளிலும் தாமதம் பற்றி முன்தகவல் தரப்படவில்லை.

உங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. சனிக்கிழமை காலைகளில் உங்களுக்குள்ள சொந்தச் சூழ்நிலை கருத்தில் கொள்ளப்பட்டுள்ளது. ஆகஸ்ட் 2 முதல் சனிக்கிழமைகளில் உங்கள் ஷிப்ட் பிற்பகல் 2:00 முதல் இரவு 10:00 வரை. வார விடுமுறை ஞாயிறு. எனினும், முன்பே தெரிவித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய தாமதங்கள் இவை என்பதால் இந்த எச்சரிக்கை வழங்கப்படுகிறது.

இனி, ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் நீங்கள் கவுண்டரில் ஹேண்டோவர் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். தவிர்க்க முடியாத தாமதம் என்றால், ஷிப்ட் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பாக ட்யூட்டி மேனேஜருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 31 வரையிலான வருகை செப்டம்பர் 1 அன்று உங்களுடன் சேர்ந்து பார்க்கப்படும். தகுந்த காரணமின்றித் தாமதம் தொடர்ந்தால், உங்கள் விளக்கத்தைப் பெற்ற பிறகு, ஹோட்டல் பணி விதிகளின்படி மேல் நடவடிக்கை எடுக்கப்படலாம்.

இந்தக் கடிதத்தில் உள்ள எதையேனும் நீங்கள் ஏற்கவில்லை என்றால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தரலாம். அது இந்தக் கடிதத்துடன் உங்கள் கோப்பில் வைக்கப்படும்.

இப்படிக்கு,
(கையெழுத்து, பெயர், பதவி)

பெற்றுக்கொண்டேன்: கையெழுத்து, நாள், நேரம்

ஏன் இப்படி எழுதினேன்

சில வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். "சொந்தச் சூழ்நிலை" என்று மட்டும் எழுதினேன். மனைவி, குழந்தை, நர்ஸ் எதுவும் லெட்டரில் இல்லை. இந்தக் காகிதம் கோப்பில் இருக்கும். அடுத்த மேனேஜர் படிப்பார், அக்கவுண்ட்ஸில் யாராவது பார்ப்பார்கள். குடும்ப விவரம் அவருடைய விளக்கக் கடிதத்தில் இருந்தால் போதும்.

"தொடர்ந்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள்" என்று முதல் லெட்டரில் எழுத வேண்டாம். மிரட்டல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நிலையாணைகள் எனப்படும் பணி விதிகளுக்காக 2025 வரை இருந்த 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரி விதிகளில், தாமதம் ஒழுங்கீனமாக எண்ணப்பட்டது அது வாடிக்கையாகும்போதுதான். ஒன்றிரண்டு நாள் அதில் வரவில்லை. வாடிக்கை என்பதைக் காட்டத்தான் தேதிகளும், முன்பு பேசிய நாட்களும் லெட்டரில் இருக்கின்றன. நீக்கும் அளவுக்குப் போவதென்றால் அதற்கு விசாரணை, நோட்டீஸ் என்று தனி வழி உண்டு. அதுவரை வந்துவிட்டால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள், இந்த லெட்டரை வைத்து நீங்களே முடிவெடுக்காதீர்கள்.

அதே ஆறு நாட்களுக்கு இன்னொரு தண்டனையும் கிடையாது. எச்சரிக்கை கொடுத்தாயிற்று என்றால், பத்து நாள் கழித்து ஜி.எம். கோபப்பட்டார் என்று அதே ஜூலை தேதிகளைச் சொல்லி சஸ்பெண்ட் பண்ண முடியாது. புதிய தாமதம் நடந்தால்தான் புதிய நடவடிக்கை. அப்போது பழைய லெட்டரைப் பார்வையில் குறிப்பிடலாம்.

சம்பளம் பற்றி லெட்டரில் ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பல ஹோட்டல்களில் "மூன்று லேட்டுக்கு ஒரு நாள் சம்பளம் கட்" என்று எழுதாத சட்டம் ஒன்று ஓடுகிறது. இந்தத் தம்பிக்கு மாதம் 18,000 ரூபாய் என்று வையுங்கள். மாதத்தை 30 நாளாக எடுத்தால் நாளுக்கு 600, எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 75 ரூபாய். வேலை செய்யாத 245 நிமிடத்துக்குக் கணக்கு 306 ரூபாய்தான். மூன்றுக்கு ஒன்று என்று பிடித்தால் இரண்டு நாள், 1,200 ரூபாய். வராத நேரத்துக்கு உரிய விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த விதி, அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதுவேதான். அபராதம் என்று தனியாகப் போடுவதற்கும் வரம்பு உண்டு: அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, போடுவதற்கு முன் அவரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். லெட்டரோடு பணத்தையும் கலந்தால் பேச்சு முழுக்கப் பணத்துக்குப் போய்விடும், நேரம் பற்றிய பேச்சு செத்துவிடும். நாங்கள் எதுவும் பிடிக்கவில்லை. பிடிப்பதென்றால் அந்த 306-ஐ சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டியிருப்போம்.

இனி, அவமதிப்பு எங்கே நுழைகிறது என்று பார்ப்போம். கெட்ட வார்த்தையை யாரும் லெட்டரில் எழுதுவதில்லை. நுழைவது வேறு வழியில். "நீங்கள் எப்போதும் தாமதமாகவே வருகிறீர்கள்" என்று எழுதினால், அவர் நேரத்துக்கு வந்த இருபது நாளும் காணாமல் போகிறது. "ஜூலையில் ஆறு நாட்கள்" என்றால் யாரும் மறுக்க முடியாது. "உங்களுக்கு வேலையில் அக்கறை இல்லை" என்பது அவர் மனசுக்குள் போய்ப் பார்த்த மாதிரி. "ஆறு முறையும் முன்தகவல் இல்லை" என்பது நடந்தது. "உங்கள் ஊர்க்காரர்களுக்கே இது பழக்கம்", "இந்தக் காலத்துப் பையன்கள்" போன்றவை எங்கள் ஹோட்டலிலேயே ஒரு வரைவில் இருந்து நான் அடித்த வரிகள். "மற்ற ஊழியர்களைப் பார்த்துத் திருந்தவும்" என்பதையும் அடித்துவிடுங்கள். ஒரு சோதனை சொல்கிறேன்: ஒவ்வொரு வரியையும் படித்து, இதைக் கேமராவோ லாக் புக்கோ காட்டுமா என்று கேளுங்கள். காட்டாது என்றால் அந்த வரி லெட்டருக்கு வேண்டாம்.

மறுபக்கம், கனிவு என்ற பெயரில் லெட்டரைக் குழப்புவதும் தப்பு. "நீங்கள் நல்ல ஊழியர், உங்கள் சேவையை மதிக்கிறோம், இருந்தாலும் சற்று கவனமாக இருக்கலாமே" என்று எழுதினால் அது பாராட்டா, எச்சரிக்கையா என்று அவருக்கே புரியாது. பொருள் வரியில் "எச்சரிக்கை" என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். மரியாதையை "நீங்கள்" என்பதிலும், அவர் சொன்னதைப் படித்தோம் என்று காட்டும் பத்தியிலும் வையுங்கள். அதற்கு மேல் சர்க்கரை வேண்டாம்.

கொடுப்பது

ரிசப்ஷன் கவுண்டரில் நின்றுகொண்டு கொடுக்காதீர்கள். ஷிப்ட் முடிந்ததும், பேக் ஆபீஸில், கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு கொடுங்கள். ஷிப்ட் தொடக்கத்தில் கொடுத்தால் அந்த முகத்தோடு எட்டு மணி நேரம் கெஸ்ட்களைப் பார்க்க வேண்டும். ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது இரண்டும் கூடவே கூடாது.

முதலில் அவரைப் படிக்க விடுங்கள். ஹவுஸ்கீப்பிங்கிலும் கிச்சனிலும் இப்போது இந்தி, வங்காளி, ஒடியா பேசுபவர்கள் நிறைய. அவர்களுக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ லெட்டர் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அதற்கு மதிப்பில்லை. அவர் மொழியில் ஒரு பிரதி வேண்டும், அல்லது மொழி தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்லி, "வாசித்து விளக்கினேன்" என்று அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு பிரதி. ஒன்று அவருக்கு, ஒன்றில் அவர் கையெழுத்து வாங்கி கோப்புக்கு. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றால் சத்தம் போடாதீர்கள். பெரும்பாலும் அவர் பயப்படுவது, கையெழுத்துப் போட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்றுதான். "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை என்று எழுதிப் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் போட்டுவிடுவார்கள். அப்படியும் மறுத்தால், பிரதியின் கீழே "வழங்கப்பட்டது, பெற மறுத்தார்" என்று தேதி, நேரத்துடன் எழுதி, உங்களோடு இருந்தவரும் கையெழுத்துப் போடட்டும். அன்றே அவருடைய வீட்டு முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைக் கோப்பில் பின் பண்ணுங்கள்.

எங்கள் தம்பி படித்து முடித்து, "வீட்டு விஷயம் இதுல இல்லையே சார்" என்றார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பின்

புதியவர்கள் லெட்டர் கொடுத்ததோடு மறந்துவிடும் இடம் இது. செப்டம்பர் 1 என்று எழுதினால் செப்டம்பர் 1 அன்று உட்கார வேண்டும். உட்காராமல் விட்டு டிசம்பரில் மறுபடி லேட் என்று இரண்டாவது லெட்டர் எடுத்தால், இடையில் நிர்வாகம் கண்டுகொள்ளவே இல்லை என்றுதான் அர்த்தமாகும்.

இன்னொன்று, அதே மாதத்தில் வேறு யாராவது லேட்டாக வந்தார்களா என்றும் பாருங்கள். ஜி.எம்.முக்குத் தெரிந்தவர் பையன் தினமும் ஆறேகாலுக்கு வந்து அவருக்கு மட்டும் எதுவும் இல்லை என்றால், ஸ்டாஃப் கேன்டீனில் உங்கள் லெட்டரைப் பற்றிப் பேசப்படுவது வேறு மாதிரி இருக்கும். நாங்கள் பார்த்தபோது இரவு ஷிப்டிலேயே ஒருவர் நான்கு நாள் லேட். 8-ஆம் தேதி இந்தத் தம்பியை 11:15 வரை காக்கவைத்தவரும் அவர்தான். அவரிடமும் அதே மெமோ போனது.

ஆகஸ்ட் முழுக்க எங்கள் காலை ஷிப்ட் தம்பி ஒரே ஒரு நாள் லேட், பதினான்கு நிமிடம். அன்று காலை ஐந்தேகாலுக்கே போன் செய்து, மழையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஆட்டோவில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். லெட்டர் கேட்டது அதைத்தான். செப்டம்பர் 1 அன்று கோப்பில் இருந்த அந்த லெட்டரின் கீழே, "வருகை பார்க்கப்பட்டது. திருப்திகரம். சனிக்கிழமை ஷிப்ட் ஏற்பாடு தொடரும்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.